கண் கட்டிய கூட்டாளியும் ஐந்து வரி நிரலும்: கணினி இல்லாத கோடிங் விளையாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். கணினி அறையில் ஒன்பது கணினி இருக்கிறது, ஓடுவது நான்கு. மழை நாளில் மின்சாரம் போனால் அதுவும் இல்லை. அதனால் தரம் 6 பிள்ளைகளுக்கு முதல் சில வாரம் தரையில்தான் பாடம்: ஒருவர் தாளில் கட்டளைகளை எழுதுவார், கண் கட்டிய இன்னொருவர் அதன்படி கட்டத்தில் நடப்பார். பக்கத்துத் தோட்டங்களின் ஆசிரியர்களும் பெற்றோரும் இதைப் பற்றிக் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

கண்ணைக் கட்டிவிட்டு 'வலது, இடது' என்று கத்துவது சித்திரை விளையாட்டுதானே சேர்? இதில் கோடிங் எங்கே இருக்கிறது?

கத்தினால் கோடிங் இல்லை. முட்டி உடைக்கும்போதும் யானைக்குக் கண் வைக்கும்போதும் சுற்றி நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள்? பார்க்கிறார்கள், சொல்கிறார்கள், திரும்பப் பார்த்துத் திருத்துகிறார்கள். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆ அங்கதான்!" பொம்மைக் காரை ரிமோட்டால் ஓட்டுவது போன்ற வேலை அது. ஒவ்வொரு அடியையும் பார்த்த பிறகே அடுத்த கட்டளை பிறக்கிறது.

நிரல் அப்படி இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதி முடித்துவிட வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாவது வரியில் என்ன நடக்கும் என்பதை முதல் வரி ஓடுவதற்கு முன்பே மனதுக்குள் நடத்திப் பார்த்தாக வேண்டும். இந்த மனக்கண் நடைதான் பாடம்.

இதை முதலில் நானும் தவறாகத்தான் செய்தேன். முதல் வகுப்பில் ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருவர் கண்ணைக் கட்டி, மற்றவரைக் கட்டளை கொடுக்க விட்டேன். எல்லோரும் மேசைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், ஒரே சிரிப்பு. அடுத்த கிழமை தாளைக் கொடுத்து "அதே வழியை எழுதுங்கள்" என்றால் ஒரு பிள்ளையாலும் இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் முதலில் தாள், அப்புறம்தான் துணி.

தாளில் எழுதியாச்சு என்றால் கண்ணை ஏன் கட்ட வேண்டும்? சும்மா நடக்கச் சொல்லலாமே.

கண் திறந்திருந்தால் நடக்கும் பிள்ளை உதவி செய்துவிடும். வேண்டுமென்று செய்வதில்லை. "முன்னால் நான்கு அடி" என்று தாள் சொல்கிறது, மூன்றாவது அடியிலேயே மேசை தெரிகிறது, பிள்ளை மூன்றோடு நின்றுவிடும். எழுதியவன் தன் நிரல் சரி என்று நினைத்துக்கொள்வான், பிழை மறைந்துபோகும். எழுதியதை விட்டுவிட்டு எழுதியவரின் எண்ணத்தைப் புரிந்து நடப்பது மனிதரின் நல்ல குணம். கணினிக்கு அந்தக் குணம் கிடையாது. துணி கட்டுவது அந்தக் குணத்தை நிறுத்தி வைக்க.

அதே காரணத்துக்காக இருவர் போதாது, மூவர் வேண்டும். ஒருவர் எழுதுபவர், ஒருவர் வாசிப்பவர், ஒருவர் நடப்பவர். எழுதியவரையே வாசிக்க விட்டால், நடப்பவர் தடுமாறும் இடத்தில் குரல் மாறும், "வ...லம்" என்று இழுப்பார், எழுதாததையும் சேர்த்துச் சொல்வார். வாசிப்பவர் வேறு ஆளாக இருந்து, தரைக்கு முதுகைக் காட்டி நின்று, உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும்.

தரையில் என்ன வரைய வேண்டும்? எவ்வளவு இடம் தேவை?

ஐந்துக்கு ஐந்து கட்டம், ஒவ்வொரு கட்டமும் 50 சென்ரிமீற்றர். மொத்தம் இரண்டரை மீற்றர் சதுரம். தரம் 6 பிள்ளை ஒரு சாதாரண அடி வைத்தால் ஏறத்தாழ ஒரு கட்டம் தாண்டும். எங்கள் பாடசாலை பழைய மாதிரி ஒரே நீள மண்டபம், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே தட்டி மட்டும். இரண்டு வரிசை வாங்கை ஒதுக்கினால் இடம் கிடைத்துவிடும்.

வெண்கட்டியால் கோடு போட்டால் மட்டும் போதாது, கண் கட்டிய பிள்ளைக்குக் கோடு தெரியாது அல்லவா. கோட்டின் மேல் மெல்லிய சணல் கயிற்றை வைத்து அகலமான டேப்பால் அழுத்தி ஒட்டிவிடுங்கள். சப்பாத்தைக் கழற்றினால் ஒரு கட்டம் தாண்டியது உள்ளங்காலுக்குத் தெரியும். மார்கழி, தை மாதங்களில் சிமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும், காலுறையோடு நடக்கட்டும். மெல்லிய காலுறையில் கயிறு உணரப்படும், கம்பளிக் காலுறையில் படாது.

கட்டளைக்கு என்னென்ன சொற்களை அனுமதிக்கிறீர்கள்?

மூன்றே மூன்று.

```
முன் 2     (இரண்டு கட்டம் முன்னால் நட)
வலம்      (நின்ற இடத்திலேயே வலப்பக்கம் கால்வட்டம் திரும்பு)
இடம்      (நின்ற இடத்திலேயே இடப்பக்கம் கால்வட்டம் திரும்பு)
```

பிள்ளைகளை முதலில் சும்மா எழுத விட்டுப் பாருங்கள், என்ன வரும் தெரியுமா? "அப்பிடியே நேரா போ, அந்தப் பக்கம் திரும்பு, கொஞ்சம் தள்ளி நில்லு." நாம் லயத்தில் பேசும்போது இதெல்லாம் சரியான தமிழ்தான், கேட்பவர் நம் கையையும் முகத்தையும் பார்க்கிறார். கண் கட்டியவருக்கு "அந்தப் பக்கம்" என்றால் எந்தப் பக்கம்? "கொஞ்சம்" என்றால் எத்தனை கட்டம்? அந்தச் சொற்களை நான் தடை செய்வதில்லை. ஒரு தடவை நடத்திப் பார்க்கச் சொல்வேன். நடந்தவர் நடுவில் நின்று "எங்க சேர் போறது?" என்று கேட்பார். அதற்குப் பிறகு மூன்று சொல் ஏன் என்று நான் விளக்கத் தேவை இல்லை.

வலம், இடம் இரண்டும் நடப்பவருடைய வலமும் இடமும். எழுதும் பிள்ளை எதிரே இருந்து பார்த்தால் இது தலைகீழாகும். எனவே எழுதும்போது தாளைச் சுற்றக் கற்றுக்கொடுங்கள். நடப்பவர் எந்தத் திசையைப் பார்க்கிறாரோ அந்தத் திசை தாளில் மேலே இருக்கும்படி திருப்பினால் போதும். சோற்றுக்கை, பீச்சாங்கை குழம்பும் பிள்ளைகளுக்கு வலது மணிக்கட்டில் ஒரு நூல் கட்டலாம். கோயில் நூல் ஏற்கெனவே கட்டியிருக்கும் பையன்களுக்கு அந்தச் செலவும் இல்லை.

ஒரு நிரலை முழுதாகக் காட்டுங்கள் சேர், பார்த்தால்தான் விளங்கும்.

சரி. கட்டத்தின் கீழ் வரிசை 1, மேல் வரிசை 5. இடது ஓர நிரை 1, வலது ஓர நிரை 5. பிள்ளை நிற்பது லயம்: நிரை 1, வரிசை 1, முகம் மேல் நோக்கி. போக வேண்டியது கொழுந்து நிறுக்கும் மடுவம்: நிரை 4, வரிசை 5. நடுவே ஒரு கான் ஓடுகிறது: வரிசை 3இல் நிரை 1, 2, 3 ஆகிய மூன்று கட்டங்கள். அங்கே பழைய பத்திரிகைத் தாளை விரித்துவிடுவோம், மிதித்தால் சத்தம் கேட்கும், விழுந்ததாகக் கணக்கு.

நேரே மேலே போக முடியாது. வரிசை 2இல் வலப்பக்கமாக நிரை 4 வரை போய், அங்கிருந்து ஏற வேண்டும்.

```
1  முன் 1
2  வலம்
3  முன் 3
4  இடம்
5  முன் 3
```

முதல் வரி முடிந்ததும் பிள்ளை நிரை 1, வரிசை 2இல் நிற்கிறது. இரண்டாம் வரியில் இடம் மாறுவதில்லை, முகம் மட்டும் வலப்பக்கம். மூன்றாம் வரியில் நிரை 4. நான்காம் வரியில் முகம் மறுபடி மேலே. ஐந்தாம் வரியில் வரிசை 5, மடுவம்.

ஐந்து வரிதான். ஆனால் முதல் தடவையிலேயே சரியாக எழுதும் குழு என் வகுப்பில் அபூர்வம், எழுதாவிட்டால் எனக்குச் சந்தோஷம்தான். பிழை வந்தால்தான் அடுத்த கேள்விக்குப் போக முடியும்.

நடந்து முடிந்தது, மடுவத்துக்குப் போகவில்லை. எந்த வரி தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கே போய் நின்றது என்று முதலில் பாருங்கள். தப்பான இடமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். மேலே சொன்ன அதே ஐந்து வரியில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, எண்ணும் பிழை. நிரை 1இலிருந்து நிரை 4க்குப் போக பிள்ளை விரலை வைத்து "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணி, `முன் 4` என்று எழுதும். நிற்கும் கட்டத்தையும் சேர்த்து எண்ணியதுதான் காரணம். இந்த நிரல் நிரை 5, வரிசை 5இல் முடியும், மடுவத்துக்குச் சரியாக ஒரு கட்டம் வலப்பக்கம். சரியாக ஒரு கட்டம் தள்ளி நின்றால் முதலில் எண்ணிக்கையைச் சந்தேகியுங்கள். ஐந்து கம்பத்துக்கு நடுவே நான்கு இடைவெளி என்ற அதே கணக்கு. பெரிய நிரல் எழுதுகிறவர்களும் இன்றுவரை இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள்.

இரண்டாவது, 'வலம்' என்பதற்குத் தப்பான அர்த்தம். சில பிள்ளைகள் வலம் என்றால் வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்வது என்று எடுத்துக்கொள்வார்கள், முகம் திரும்பாது. அப்போது முதல் வரிக்குப் பிறகு நிரை 1, வரிசை 2. இரண்டாம் வரியில் நண்டு மாதிரி நகர்ந்து நிரை 2, வரிசை 2. மூன்றாம் வரியில் மேலே ஓர் அடி வைத்ததும் சரக் என்று பத்திரிகைத் தாள், கானுக்குள் கால். இன்னும் சிலர் திரும்பிவிட்டு ஓர் அடியும் வைப்பார்கள். அவர்கள் கானுக்குத் தப்பி நிரை 5 வழியாக மேலேறி, கட்டத்தை விட்டே வெளியே போய்விடுவார்கள். இரண்டிலும் தாளில் எழுதியது சரி. எழுதியவரும் நடந்தவரும் ஒரே சொல்லை இரண்டு விதமாக விளங்கிக்கொண்டதே பிழை. இதைக் கண்டுபிடிக்கத்தான் வகுப்பில் அதிக நேரம் போகும், போகட்டும், விடுங்கள்.

மூன்றாவது, வலமும் இடமும் மாறிப் போவது. இரண்டாம் வரியில் மாறினால் மூன்றாம் வரியின் முதல் அடியிலேயே பிள்ளை இடது ஓரத்தைத் தாண்டிவிடும். நான்காம் வரியில் மாறினால் முகம் கீழ்ப்பக்கம் திரும்பி, இரண்டாவது அடியில் கட்டத்துக்கு வெளியே. இது சட்டென்று தெரிந்துவிடும், அதனால் ஆபத்துக் குறைவு.

இடத்தைப் பார்த்தும் பிடிபடவில்லையா, ஒவ்வொரு வரி முடியும்போதும் பிள்ளை நிற்கும் கட்டத்தில் ஒரு சோடா மூடி வையுங்கள். ஓடி முடிந்த பிறகு எழுதியவர் தாளையும் மூடிகளையும் வரிசையாக ஒப்பிட்டு, தான் நினைத்த கட்டமும் மூடி இருக்கும் கட்டமும் முதன்முதலில் எங்கே வேறாகின்றன என்று பார்க்க வேண்டும். அந்த வரிதான் சந்தேக வரி, அதற்கு நேர் முந்திய வரி திருப்பமாக இருந்தால் அதையும் சேர்த்துச் சந்தேகியுங்கள், திருப்பத்தில் கட்டம் மாறாததால் அந்தப் பிழை அடுத்த மூடியில்தான் தெரியும். அதற்குப் பிந்திய வரிகள் எல்லாம் தப்பாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் நிரபராதிகள்.

இன்னொரு சட்டமும் உண்டு: ஒரு தடவைக்கு ஒரு வரியைத்தான் திருத்தலாம், திருத்தியதும் லயத்துக்குத் திரும்பி முதலிலிருந்து ஓட வேண்டும். மூன்று வரியை ஒரேயடியாக மாற்றி நிரல் சரியாகிவிட்டால், எது சரியாக்கியது என்று யாருக்கும் தெரியாது.

திரும்பத் திரும்பச் செய்வதை, அந்த மீள்செயலை, இதில் காட்டலாமா? சாதாரண தரத்தில் பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

காட்டலாம், கண் கட்டு மிகவும் நன்றாகப் பயன்படும் இடமும் அதுதான். "முன் 1" என்பதை மூன்று தடவை எழுதுவதற்குப் பதில் "3 தடவை: முன் 1" என்று எழுதுவது எளிது, அதில் நேரம் செலவழிக்காதீர்கள். 'எத்தனை தடவை என்று தெரியாது, ஏதோ ஒன்று நடக்கும் வரை' என்ற வகைக்குப் போங்கள்.

மண்டபத்தின் ஒரு முனையில் கொடி கட்டி ஒரு பழைய சேலையைத் தொங்கவிடுங்கள். அதுதான் சுவர். நடப்பவர் வலது கையை முன்னால் நீட்டியபடி நடக்க வேண்டும். இப்போது இரண்டு தாள் கொடுங்கள். ஒன்றில் "கை சேலையில் படவில்லையா என்று பார், படவில்லை என்றால் ஓர் அடி வை, மறுபடி பார்." மற்றதில் "ஓர் அடி வை, பிறகு கை படுகிறதா என்று பார், படவில்லை என்றால் மறுபடி." தூரத்திலிருந்து தொடங்கினால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். பிள்ளைகள் "இரண்டும் ஒண்டுதான் சேர்" என்பார்கள்.

அப்புறம் பிள்ளையைச் சேலையில் கை பட்டபடி நிறுத்தி, அங்கிருந்து தொடங்குங்கள். முதல் தாள் பார்க்கும், பட்டிருக்கிறது, அசையாது. இரண்டாம் தாள் பார்ப்பதற்கு முன் ஓர் அடி வைக்கும், முகம் சேலைக்குள் போகும். வகுப்பு சிரிக்கும். பாஸ்கல் என்ற கணினி மொழியில் இந்த இரண்டும் இப்படி:

```pascal
while not suvar do
  mun(1);

repeat
  mun(1);
until suvar;
```

`while` முதலில் கேட்கும், அதனால் ஒரு தடவைகூட ஓடாமல் விடலாம். `repeat` முதலில் செய்யும், அதனால் குறைந்தது ஒரு தடவை ஓடியே தீரும். நிபந்தனையும் தலைகீழ் என்பதைக் கவனியுங்கள்: ஒன்று 'படாத வரை', மற்றது 'படும் வரை'. பாடப் புத்தகத்தில் பாய்ச்சற் கோட்டுப்படத்தைப் பத்துத் தடவை வரைந்தும் குழம்பிய தரம் 10 பையன் ஒருவன், சேலைக்குள் முகம் போன பிறகு குழம்பவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: திரையில் கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் செய்யும் ஸ்க்ராச்சில் `repeat until` என்று ஒரு கட்டை இருக்கிறது. பெயர் பாஸ்கலைப் போல, ஆனால் அது செய்வதற்கு முன் பார்க்கும். பெயரை நம்பிப் படிப்பித்தால் நாமும் சேலைக்குள்தான்.

ஒரு தடவை எங்கள் பிள்ளை கொஞ்சம் கோணலாகத் தொடங்கி, சேலையைத் தாண்டி, திறந்திருந்த கதவு வழியாக வராந்தாவுக்கே போய்விட்டாள். தாள் சொன்னபடிதான் போனாள், கை எதிலும் படவில்லை. முடிவில்லாத மீள்செயல் என்றால் என்ன என்று அன்று நான் கரும்பலகையில் எழுதவில்லை.

நாங்கள் கட்டம் போடாமல் விளையாட்டுத் திடலில் செய்தோம். நிரல் சரி, ஆனால் எல்லோரும் எங்கெங்கோ போய் நின்றார்கள். ஏன்?

கண் இல்லாமல் மனிதரால் நேராக நடக்க முடியாது, சரியாகக் கால்வட்டமும் திரும்ப முடியாது. திரும்பும்போது 10 பாகை மட்டும் பிசகினால் பத்து அடி நடந்து முடிக்கும்போது ஏறக்குறைய ஒன்றே முக்கால் அடி பக்கவாட்டில் தள்ளிப் போயிருப்பார். அடுத்த திருப்பத்தின் பிசகு அதன் மேல் ஏறும். மலைநாட்டில் மட்டமான திடல் வேறு கிடைப்பதில்லை, சரிவில் கால் தானாகவே பள்ளத்துப் பக்கம் இழுக்கும்.

கட்டமும் கயிறும் இந்தப் பிசகை ஒவ்வோர் அடியிலும் வெட்டிவிடுகின்றன. திருப்பத்துக்கும் ஒரு வழி இருக்கிறது: திரும்பிய பிறகு இரண்டு பாதத்தையும் குதிகால் கயிற்றில் முட்டும்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆனால் திடலில் நடந்ததைத் தோல்வி என்று தூக்கிப் போட வேண்டாம். உயர் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: "நிரல் சரி, நடந்தவரும் சொன்னதைத்தான் செய்தார், பிறகு எப்படித் தப்பியது?" நிஜ ரோபோவின் சக்கரமும் இப்படித்தான் வழுக்கும். அதனால்தான் 'பத்து அடி போ' என்று மட்டும் சொல்லாமல், 'சுவரில் படும் வரை போ' என்பதை நடுவே சேர்க்கிறார்கள். சுவரைத் தொட்ட கணத்தில் அதுவரை சேர்ந்த முன்பின் பிசகு அழிந்துவிடும். தரம் 6க்கு இது வேண்டாம், அவர்களுக்கு நிரல் பிழையும் நடைப் பிழையும் கலந்து குழப்பிவிடும்.

மாறி, அதாவது பெறுமானத்தை வைத்துக்கொள்ளும் பெட்டி, அதையும் இந்த விளையாட்டில் சேர்க்கலாமா?

என் அபிப்பிராயத்தில் வேண்டாம். முயன்றேன், கையில் கூடையைக் கொடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் கொழுந்து போட வைத்து எண்ணச் சொன்னேன். கூடையில் ஒன்றைப் போட்டால் முந்தினதும் உள்ளேயே இருக்கும். மாறியில் புதிய பெறுமானம் வந்தால் பழையது போய்விடும். கூடை தப்பான படத்தைப் பதித்துவிட்டது, அதைக் களைய இரண்டு பாடவேளை ஆனது. ஒரு சிலேட்டும் அழிப்பானும் இதற்கு மேல்.

பிள்ளைக்குக் கண் கட்டப் பயம். விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?

பயந்த பிள்ளையை நடக்க வைக்காதீர்கள், எழுதட்டும், வாசிக்கட்டும், மூடி வைக்கட்டும். வற்புறுத்தினால் அந்தப் பிள்ளைக்கு நிரல் என்றாலே இருட்டுதான் ஞாபகம் வரும்.

நடப்பவர் பக்கத்தில் ஒரு காவல்காரர் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே போக வேண்டும். அவருக்கு அனுமதித்த ஒரே சொல் "நில்". அவர் நில் சொன்னால் நிரல் தோற்றதாகக் கணக்கு, திருத்திக்கொண்டு முதலிலிருந்து. வழி காட்ட அவருக்கு அனுமதி இல்லை. வெளியே செய்தால் படி, கான், முள்ளுக்கம்பி இருக்கும் பக்கம் போகவே வேண்டாம். புல் ஈரமாக இருந்தால் அட்டை ஏறும், வெறுங்காலோடு விடாதீர்கள்.

துணியை ஆளுக்கு ஒன்றாக வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினால் ஒரு பிள்ளையின் கண்நோய் வகுப்பு முழுக்கப் பரவும். அப்படி ஒரு தடவை ஆகி, அதிபரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இது யார் கண்டுபிடித்தது?

ஒருவர் என்று சொல்ல முடியாது. 1967இல் லோகோ என்ற கணினி மொழியைச் சீமோர் பப்பேர்ட், சிந்தியா சொலமன், வொலி ஃபோர்சைக் ஆகியோர் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். அதில் கோடு வரைந்தபடி நகரும் ஆமைக்குக் கட்டளை கொடுக்கத் தடுமாறும் பிள்ளையிடம், நீயே ஆமையாகி நடந்து பார் என்பார் பப்பேர்ட். கணினியே இல்லாமல் கணினி அறிவியல் விளையாட்டுகளைத் தொகுத்தவர்களில் முக்கியமானவர்கள் 1990களில் வேலை செய்த டிம் பெல், மைக் ஃபெலோஸ், இயன் விட்டன். கண்ணைக் கட்டியது நம் சித்திரை வருடம் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு, அதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

தரையிலேயே எவ்வளவு நாள்? கணினிக்கு எப்போது போவது?

எனக்கு மூன்று அல்லது நான்கு பாடவேளை போதும். குழுக்கள் மூடிகளைப் பார்த்துத் தாங்களாகவே சந்தேக வரியைக் காட்டத் தொடங்கினால் போகலாம். அதற்கு மேல் நீட்டினால் அது வெறும் விளையாட்டாகிவிடும். போகும்போது புதிய கணக்குக் கொடுக்காதீர்கள், தரையில் நடந்த அதே ஐந்து வரியை ஸ்க்ராச்சில் செய்ய விடுங்கள்.

அங்கே மூன்று இடத்தில் தரையும் திரையும் வேறுபடும். ஸ்க்ராச்சில் நடப்பது திரையில் உள்ள ஒரு பூனை. பிள்ளை `move 3 steps` என்று போட்டால் பூனை அசைந்ததா என்றே தெரியாது, ஏனென்றால் ஸ்க்ராச்சின் ஓர் அடி திரையில் ஒரு புள்ளிதான், முழு மேடையே 480க்கு 360. நாங்கள் ஒரு கட்டத்துக்கு 50 என்று வைத்துக்கொள்கிறோம். இரண்டாவது, புதிதாகத் திறந்ததும் பூனை வலப்பக்கம் பார்த்து நிற்கும், ஸ்க்ராச் கணக்கில் அது 90 பாகை. தரையில் பிள்ளை மேல் நோக்கி நின்றது, அது 0. மூன்றாவது, தரையில் நிரல் தோற்றால் பிள்ளை லயத்துக்குத் தானே நடந்து வந்துவிடும், பூனை வராது. போன தடவை எங்கே நின்றதோ அங்கிருந்தே மறுபடி கிளம்பும். எனவே இரண்டு வரி கூடுதலாக வேண்டும்:

```
go to x: (-100) y: (-100)
point in direction (0)
move (50) steps
turn right (90) degrees
move (150) steps
turn left (90) degrees
move (150) steps
```

இந்த முதல் இரண்டு வரியை நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. போன வருடம் ஒரு குழுவின் பூனை மடுவத்தை விட்டுக் கீழ்ப்பக்கம் இறங்கியது. மூன்று பேரும் திரையை முறைத்துப் பார்த்தார்கள். பிறகு அதில் ஒருத்தி கதிரையை விட்டு எழுந்து, திரைக்கு முன்னால் நின்று, வலப்பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வரியையும் நடந்தாள். நான்கு கணினிக்கு நடுவே இடம் போதாமல் இரண்டு தடவை வாங்கில் முட்டினாள். கண்ணைத் திறந்து, "பூன ஆரம்பத்திலயே வேற பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது சேர்" என்றாள்.